கையெழுத்துக்குப் பிறகு வரும் முதல் மின்னஞ்சல்

பிரான்ஸில் ஒரு சிறு தொழிலதிபர் தன் கணக்காளரை மாற்ற வேண்டுமென்றால், புது அலுவலகத்தோடு ‘லெத்ர் த மிஸியோன்’ என்ற பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். என்னென்ன வேலை, என்ன கட்டணம், எந்தத் தேதியிலிருந்து பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். அங்கே கணக்காளர் தொழிலைக் கட்டுப்படுத்தும் அமைப்பு 1945-இல் உருவானது. அத்தொழிலின் நெறிமுறைப்படி இந்த ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். இப்போது கையெழுத்து பெரும்பாலும் கணினித் திரையிலேயே முடிந்துவிடுகிறது. ஓரிரு நாளில் வாடிக்கையாளருக்கு ஒரு வரவேற்பு மின்னஞ்சல் வரும்.

நன்றி சொல்லும் கடிதம்தானே என்று பலர் அதை மேலோட்டமாகப் பார்த்து மூடிவிடுகிறார்கள். அனுப்புகிற அலுவலகங்களிலும் சில அப்படி நினைத்தே எழுதுகின்றன. உண்மையில் ஒப்பந்தத்தை வேலையாக மாற்றுகிற கடிதம் இதுதான். யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வார் என்பது இதில் தெளிவாக இல்லாவிட்டால், அடுத்த மாதமே வரி அலுவலகத்திலிருந்து அபராதக் கடிதம் வரக்கூடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். லியோன் நகரில் ஒரு பேக்கரி, நடத்துபவர் ஒரு பெண்மணி, நான்கு ஊழியர்கள். நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது. பழைய கணக்காளருக்கு ஜூன் மாதமே பதிவுத் தபாலில் விலகல் கடிதம் அனுப்பிவிட்டார். செப்டம்பர் 12-இல் புது அலுவலகத்தோடு கையெழுத்தாகிறது. அக்டோபர் 1 முதல் அவர்கள் பொறுப்பு. மறுநாள் வரும் மின்னஞ்சல் நன்றாக எழுதப்பட்டிருந்தால், தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“மதாம்,

எங்கள் மேல் நீங்கள் வைத்த நம்பிக்கைக்கு நன்றி. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தப் பிரதியை இணைத்துள்ளோம். அக்டோபர் 1 முதல் உங்கள் கணக்கு எங்கள் பொறுப்பு.

அன்றாடக் கணக்கு, மதிப்புக்கூட்டு வரி பற்றிய கேள்விகளுக்கு எங்கள் கணக்கு உதவியாளரையும், சம்பளம், புது ஊழியர், விடுப்பு பற்றியவற்றுக்குச் சம்பளப் பிரிவுப் பொறுப்பாளரையும் அழையுங்கள். இருவரின் நேரடி எண்களும் கீழே உள்ளன. ஆண்டுக் கணக்கு, கடன், முதலீடு போன்ற முடிவுகளுக்கு நான் இருக்கிறேன்.

உங்கள் முந்தைய கணக்காளருக்கு இந்த வாரமே நாங்கள் எழுதுகிறோம். செப்டம்பர் மாத வரி அறிக்கையையும் சம்பள அறிக்கையையும் அவரே தாக்கல் செய்வார் என்று எழுத்தில் உறுதி கேட்போம். பதில் வந்ததும் உங்களுக்குத் தெரிவிப்போம்.

செப்டம்பர் 26-க்குள் உங்களிடமிருந்து நான்கு ஆவணங்கள் தேவை. அவற்றை மின்னஞ்சலில் அனுப்பாமல் எங்கள் பாதுகாப்பான தளத்தில் ஏற்றுங்கள். செப்டம்பர் 23 காலை பத்து மணிக்கு உங்கள் கடைக்கு வர விரும்புகிறோம். அந்த நேரம் உங்களுக்கு வசதிப்படுமா?”

இவ்வளவுதான். ஒரு திரைக்குள் அடங்கிவிடும். அலுவலகத்தின் வரலாறு, விருதுகள், பன்னிரண்டு இணைப்புகள் எதுவும் இதில் இல்லை. அப்படிப்பட்ட கடிதங்களும் நிறைய வருகின்றன. அதிகாலையிலேயே அடுப்படியில் நிற்கும் பேக்கரிக்காரருக்கு அவற்றைப் படிக்க நேரமில்லை. தேதி இருக்கும் ஒரே வரி அந்தக் குவியலில் காணாமல் போய்விடும்.

தொனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சு அலுவலகக் கடிதம் ‘மதாம்’ அல்லது ‘முசியே’ என்று தொடங்கும். நண்பர்களுக்குரிய ஒருமையை விட்டுவிட்டு, நம் ‘நீங்கள்’ போன்ற மரியாதை வடிவத்திலேயே எழுதுவார்கள். பேச்சுவார்த்தையின்போது எவ்வளவு சிரித்துப் பேசியிருந்தாலும், வாடிக்கையாளர் தாமாக ஒருமைக்கு மாறாத வரை கடிதத்தில் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. இது குளிர்ச்சி அல்ல. பணத்தையும் சட்டப் பொறுப்பையும் பற்றிப் பேசும் இடத்தில் அந்த மரியாதையே நம்பிக்கை தருகிறது.

தொடர்பு நபர்கள் பகுதிக்கு வருவோம். ஒப்பந்தம் பேசும்போது வாடிக்கையாளர் பார்ப்பது அலுவலகத்தின் மூத்த கணக்காளரை. கையெழுத்துக்குப் பிறகு வேலை செய்வதோ வேறு இருவர். இதை யாரும் சொல்லாவிட்டால், பேக்கரிக்காரர் எல்லாக் கேள்விக்கும் மூத்தவரையே அழைப்பார். அவர் கூட்டத்தில் இருப்பார், திரும்ப அழைக்க இரண்டு நாளாகும். ‘கையெழுத்து வாங்கும் வரைதான் கவனித்தார்கள்’ என்ற மனத்தாங்கல் அங்கேயே தொடங்குகிறது. வெறும் பெயர்ப் பட்டியல் இதைத் தீர்க்காது. எந்தக் கேள்விக்கு யார் என்பதை வேலையின் பெயரால் சொல்ல வேண்டும். ஒருவர் விடுமுறையில் போனால் பதிலாள் யார் என்பதும் வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் பிரான்ஸில் பாதி அலுவலகங்கள் வெறிச்சோடிவிடும். ஆனால் ஆகஸ்டிலும் ஊழியர் வேலையை விட்டு விலகலாம், அவருக்கான கடைசிச் சம்பளக் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மேலே உள்ள கடிதத்தில் மிக முக்கியமான வரி எது என்று என்னைக் கேட்டால், செப்டம்பர் மாத அறிக்கைகளைப் பற்றிய வரியைத்தான் சொல்வேன். மாதாமாதம் மதிப்புக்கூட்டு வரி செலுத்தும் நிறுவனம், ஒரு மாதத்தின் அறிக்கையை அடுத்த மாதம் தாக்கல் செய்கிறது. நிறுவனத்தின் வகையையும் இடத்தையும் பொறுத்து அதன் கெடு 15-ஆம் தேதிக்கும் 24-ஆம் தேதிக்கும் இடையில் விழும். ஊழியர்களின் சம்பளம், சமூகப் பாதுகாப்புத் தொகை ஆகியவற்றை அரசுக்குத் தெரிவிக்கும் டி.எஸ்.என். அறிக்கையை, ஐம்பதுக்குக் குறைவான ஊழியர் உள்ள கடை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். ஆகவே செப்டம்பர் மாதத்துக்கான இரண்டு அறிக்கைகளும் அக்டோபரில் போகின்றன.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ‘என் பணி செப்டம்பர் 30-ஓடு முடிந்தது’ என்கிறார் பழையவர். ‘எங்கள் பணி அக்டோபர் மாத வியாபாரத்திலிருந்து தொடங்குகிறது’ என்கிறார் புதியவர். இருவர் சொல்வதும் அவரவர் ஒப்பந்தப்படி சரியாகவே இருக்கலாம். இடையில் செப்டம்பர் மாத அறிக்கையை யாருமே அனுப்பாமல் விட்டுவிடுகிறார்கள். வரி அறிக்கை தாமதமானால் செலுத்த வேண்டிய வரியில் 10 சதவீதம் கூடுதலாக விழும். அதற்கு மேல் மாதத்துக்கு 0.20 சதவீத வட்டி. பேக்கரி அந்த மாதம் 3,000 யூரோ வரி செலுத்த வேண்டியிருந்தால், 300 யூரோ வீணாகப் போகும். வரி அலுவலகம் கணக்காளரிடம் கேட்காது, கடைக்காரரிடம்தான் கேட்கும். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பும் வரித்துறைத் தளத்தில் உள்ள உங்கள் கணக்கில் அறிக்கை எதுவும் தெரியவில்லை என்றால், உடனே இரு அலுவலகங்களையும் அழைத்துக் கேட்க வேண்டும்.

முந்தைய கணக்காளருக்கு எழுதுவது வெறும் மரியாதைக்காக அல்ல. இன்னொருவர் பார்த்த வாடிக்கையாளரை ஏற்கும் கணக்காளர், அந்த முந்தையவருக்கு எழுத்தில் தெரிவித்த பிறகே பணியை ஏற்க வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. பழைய கட்டணம் தீர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும். பாக்கி இருந்தால் கோப்புகள் வந்து சேரத் தாமதமாகும். இதை வரவேற்பு மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ‘ஏன் இன்னும் என் கணக்கைத் தொடங்கவில்லை?’ என்ற கோபம் நவம்பரில் வராது.

பழையவரிடமிருந்து வர வேண்டியவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று எஃப்.இ.சி. என்ற கணக்குப் பதிவுக் கோப்பு. எல்லாப் பதிவுகளும் அரசு வகுத்த 18 நெடுவரிசைகளில் இருக்கும். கணினியில் கணக்கு வைத்திருப்பவர் வரித் தணிக்கையில் இதைக் கொடுக்க வேண்டும் என்பது 2014 முதல் நடைமுறை. எந்த மென்பொருளிலிருந்து வந்தாலும் ஒரே வடிவம் என்பதால், புது அலுவலகம் கையால் தட்டச்சு செய்யாமல் அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, ஒவ்வோர் ஊழியரின் விடுப்பு இருப்பு. பிரான்ஸில் ஒரு மாத வேலைக்கு இரண்டரை நாள் சம்பள விடுப்பு, ஆண்டுக்கு முப்பது நாள் சேரும். இந்தக் கணக்கு பொதுவாக ஜூன் 1 முதல் மே 31 வரை ஓடும், கடையின் நிதியாண்டோடு பொருந்தாது. அக்டோபரில் மாறும்போது பழைய இருப்பை எடுத்துவராவிட்டால், புது மென்பொருள் எல்லாரையும் சுழியத்திலிருந்து தொடங்கும். அக்டோபர் மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் விடுப்பு வரியைப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே தெரியும்.

உரிமையாளரிடம் கேட்கும் நான்கு ஆவணங்கள் சாதாரணமானவை: நிறுவனப் பதிவுச் சான்றான ‘கபிஸ்’, நிறுவனத்தின் சட்டதிட்டம், அடையாள அட்டைப் பிரதி, விலகல் கடிதத்தின் பிரதி. அடையாள அட்டை கேட்பது சந்தேகத்தால் அல்ல. கருப்புப் பணத் தடுப்புச் சட்டப்படி, கணக்காளர் தன் வாடிக்கையாளர் யார் என்பதைச் சரிபார்த்தாக வேண்டும். இந்தக் காரணத்தை ஒரு வரியில் எழுதினால் ஆவணம் சீக்கிரம் வரும்.

ஒரு பொருள் மட்டும் இந்த மின்னஞ்சலில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து: பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு எண். அந்த எண் அடங்கிய தாளை பிரெஞ்சுக்காரர்கள் ‘ரிப்’ என்பார்கள். மோசடிக்காரர்கள் ஓர் அலுவலகத்தின் அஞ்சல் பெட்டிக்குள் நுழைந்து, உண்மையான கடிதத்தைப் போலவே எழுதி, ரிப்பை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். புது வாடிக்கையாளருக்கு எது வழக்கமான எண் என்று தெரியாது, அதனால் அவரே எளிதில் ஏமாறுவார். கட்டணத்தைத் தானாக எடுக்கும் அனுமதிப் படிவம் ஒப்பந்தத்தோடு கையெழுத்தாகட்டும். ‘வங்கி எண் மாறியது என்று எங்கள் பெயரில் மின்னஞ்சல் வந்தால் நம்பாதீர்கள், ஒப்பந்தத்தில் உள்ள எண்ணில் அழையுங்கள்’ என்ற வரியை மட்டும் கடிதத்தில் சேர்க்கலாம். வரித்துறைத் தளத்தின் கடவுச்சொல்லையும் கேட்கக் கூடாது. அங்கே கணக்காளருக்குத் தனியாக அதிகாரம் வழங்க வழி இருக்கிறது.

பாரிஸின் லா ஷபேல் பகுதியில் மளிகைக் கடையும் உணவகமும் நடத்தும் ஈழத் தமிழர்களுக்கும் இதே விதிகள்தான். பிரெஞ்சை வேகமாக வாசிக்க முடியாதவர்கள், இந்தக் கடிதத்தில் தேதியும் ஆளும் குறிப்பிட்ட வரிகளை மட்டுமாவது பிள்ளைகளிடமோ தெரிந்தவரிடமோ கொடுத்துப் புரிந்துகொள்ள வேண்டும். செப்டம்பர் அறிக்கை பற்றிய வரி கடிதத்தில் இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். ‘மாறும் மாதத்தின் வரி அறிக்கையையும் சம்பள அறிக்கையையும் தாக்கல் செய்வது யார்?’ என்று பதில் மின்னஞ்சலில் கேளுங்கள். விடையை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.