கரண்ட் போனால் பவுண்டரியில் எது நிற்கக் கூடாது?

கோவைப் பக்கம் பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊற்றும் ஒரு சிறு பவுண்டரியை எடுத்துக்கொள்வோம். அரை டன் இண்டக்‌ஷன் உலையில் இரும்பு உருகி, 1,450 டிகிரிச் சூட்டில் இருக்கும்போது கரண்ட் போகிறது. உலையையே ஓட்டும் ஜெனரேட்டர் நமக்குக் கட்டுப்படியாகுமா என்றுதான் பல முதலாளிகள் கணக்குப் போடுகிறார்கள். அதற்கு முந்நூறு கிலோவாட்டுக்கு மேல் வேண்டும், கட்டுப்படியாகாது. அந்த நேரத்தில் காப்பாற்ற வேண்டியது உருக்கும் வேலையை அல்ல, தண்ணீர் ஓட்டத்தை.

உலையைச் சுற்றியிருக்கும் செம்புக் காயிலுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனாலும் இரும்பின் சூடு வெளியே வந்துகொண்டேதான் இருக்கும். பம்பு நின்றால் சற்று நேரத்தில் காயிலில் உள்ள தண்ணீர் கொதிக்கும், ஹோஸ் பிய்த்துக்கொள்ளும், இன்சுலேஷன் கருகும். கசிந்த தண்ணீர் உருகிய இரும்புக்குள் சிக்கினால் உலையே வெடிக்கும்.

ஆகவே வாங்க வேண்டியது, தண்ணீர் பம்பையும் உலையைச் சாய்க்கும் ஹைட்ராலிக்கையும் மட்டும் இழுக்கும் சின்ன ஜெனரேட்டர். அதுவும் கிளம்பாவிட்டால், மேலே ஒரு தொட்டி: வால்வைத் திறந்தால் தண்ணீர் தானாகக் காயிலுக்கு இறங்கும். கரண்ட் உடனே வராது என்று தெரிந்தால் இரும்பைக் காய்ந்த குழியில் கொட்டிவிட வேண்டும். மேலே ஏடு கட்டி உறைந்த பிறகு கரண்ட் வந்ததென்று அப்படியே சூடேற்றினால், அடியில் அடைபட்ட இரும்பு அளவுக்கு மீறிக் காய்ந்து லைனிங்கைத் துளைக்கும்.

ஏற்பாடு இருந்தும் கைவிடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: ஜெனரேட்டர் பேட்டரி செத்திருக்கும், இல்லையென்றால் தொட்டி வால்வு துருப்பிடித்து இறுகியிருக்கும். இரும்பை ஊற்றி முடித்து உலை காலியான ஒரு நாளில், மாதம் ஒருமுறை மெயினை நிஜமாகவே அணைத்துப் பார்த்தால்தான் இது தெரியும். சிறு ஆலைகள் மிகவும் அலட்சியப்படுத்துவது இதைத்தான் என்பேன்.

லைனிங் போடுபவர் விஷயம் வேறு மாதிரி. ராமிங் மாஸில் போரிக் ஆசிட் எவ்வளவு, எவ்வளவு இறுக்கி இடிப்பது, முதல் சூட்டை எத்தனை மணி நேரத்தில் ஏற்றுவது எல்லாம் ஒரே ஆளின் கையில் இருக்கும். அவர் ஊருக்குப் போன வாரத்தில் லைனிங் தேய்ந்தால் உலை படுத்துவிடும். எழுதி வைப்பது நல்லது, ஆனால் போதாது. அடுத்த லைனிங்கை இரண்டாவது ஆள் தன் கையால் போட வேண்டும். பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த வேண்டும்.

மண்ணைப் பிணைக்கும் பென்டோனைட் பெரும்பாலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வருகிறது. இரண்டு வியாபாரிகளிடம் வாங்குவதால் கவலையில்லை என்று நினைத்திருப்போம். இருவருக்கும் சரக்கு அதே பாதையில் வந்தால், லாரி நிற்கும்போது இருவரும் சேர்ந்தே நிற்பார்கள். மாற்றுச் சரக்கை அவசரத்துக்கு வாங்கி அப்படியே கொட்டவும் முடியாது. அதற்கு வேண்டிய ஈரம் மாறும், ஈரம் மிஞ்சினால் வார்ப்பில் ஊசித்துளை விழும். எனவே இரண்டாவது வியாபாரியின் சரக்கைச் சாதாரண நாளிலேயே கொஞ்சம் வாங்கி, மண்ணின் பச்சை வலிமையைச் சோதித்து, சரியான ஈர அளவைக் குறித்துவைக்க வேண்டும். அதோடு இரண்டு வாரச் சரக்கு நனையாத இடத்தில் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.