வரிசை எவ்வளவு கலைந்திருக்கிறது?

ஆறு பாடல்களை ஒருவர் தன் விருப்பப்படி 1 முதல் 6 வரை வரிசைப்படுத்துகிறார். அதே பாடல்களை அவருடைய தோழி அடுக்கும்போது 3, 6, 1, 5, 2, 4 என்று வருகிறது. இருவர் ரசனையும் எவ்வளவு விலகியிருக்கிறது?

பெரிய எண் முன்னும் சிறிய எண் பின்னுமாக நிற்கும் ஜோடிகளை எண்ணினால் விடை கிடைக்கும். இப்படிப்பட்ட ஜோடிக்கு இன்வர்ஷன் என்று பெயர். ஒவ்வொரு ஜோடியாகப் பார்ப்பது ஆறு எண்களுக்குச் சுலபம். ஒரு லட்சம் எண்கள் என்றால் ஏறக்குறைய 500 கோடி ஜோடிகள்.

இங்கே மெர்ஜ் சார்ட் கைகொடுக்கிறது. வரிசையை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் இதே முறையில் அடுக்கி, பிறகு இணைப்பதுதான் அதன் வழி. இடப்பாதி 3, 6, 1. அதற்குள் 2 இன்வர்ஷன். வலப்பாதி 5, 2, 4. அதற்குள்ளும் 2. அடுக்கிய பின் இடப்பக்கம் 1, 3, 6. வலப்பக்கம் 2, 4, 5.

இணைக்கும்போது இரு பக்கத்து முதல் எண்களில் சிறியதை எடுக்கிறோம். முதலில் 1. அடுத்து வலப்பக்கத்து 2 வருகிறது. அப்போது இடப்பக்கம் 3, 6 இரண்டும் காத்திருக்கின்றன. இரண்டுமே 2-ஐவிடப் பெரியவை, முன்னால் நின்றவை. ஆகவே ஒரே அடியில் கணக்கில் 2 சேர்கிறது. பிறகு 3 போய்விடுகிறது. 4 வரும்போதும் 5 வரும்போதும் 6 மட்டும் மீதி, ஒவ்வொன்றுக்கும் 1. ஆக இணைப்பில் 4, மொத்தம் 8.

இந்த முறையின் அழகே இதுதான்: பாதிகளை உள்ளுக்குள் அடுக்கிவிட்டாலும் இடப்பக்கத்து எண் எதுவும் வலப்பக்கம் தாவுவதில்லை. அதனால் குறுக்கு ஜோடிகளின் கணக்கு கெடுவதில்லை. ஒரு லட்சம் எண்களுக்குச் சுமார் 17 சுற்று இணைப்பு போதும்.

இரண்டு இடங்களில் கணக்கு தவறும். சம எண்கள் வந்தால் இடப்பக்கத்தையே முதலில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் சமமான ஜோடியும் இன்வர்ஷனாகிவிடும். அடுத்தது, 32-பிட் மாறியில் 214 கோடிக்குச் சற்று மேல்வரைதான் அடங்கும். தலைகீழாக நிற்கும் லட்சம் எண்களைக் கொடுத்துப் பார்த்தால் விடை தாறுமாறாக வரும்.

சரி, 8 என்பது எதைச் சொல்கிறது? பக்கத்துப் பக்கத்து எண்களை மட்டும் இடம் மாற்றி வரிசையைச் சீராக்கக் குறைந்தது 8 மாற்றங்கள் தேவை என்கிறது. ஆறு எண்களில் 15 ஜோடிகள். 8 என்பது ஏறக்குறைய பாதி. ரசனை ஒத்தும் போகவில்லை, நேரெதிரும் இல்லை. மாரிஸ் கெண்டல் 1938-இல் முன்வைத்த டௌ அளவையும் இதே எண்ணிக்கையிலிருந்து வருவதுதான்: 1 − 2×8/15, அதாவது −0.07.

ஆனால் 6, 2, 3, 4, 5, 1 என்ற வரிசையில் 9 இன்வர்ஷன்கள் உள்ளன. தொலைவில் உள்ளவற்றையும் மாற்றலாம் என்றால் 6-ஐயும் 1-ஐயும் ஒருமுறை மாற்றினாலே வரிசை சீராகிவிடும். அந்தச் சுலபத்தை இந்த எண்ணிக்கை காட்டாது.