யார் எடுத்தது, எப்போது எடுத்தது? வீடியோவின் கீழே எழுத வேண்டியவை

பெருமழை பெய்யத் தொடங்கியதும் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் வீடியோ ஒன்று நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துவிடும். அது 2015 வெள்ளத்தில் எடுத்ததா, 2021 நவம்பர் மழையில் எடுத்ததா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எடுத்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பாலமும் தண்ணீரும் எல்லா ஆண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வீட்டுக்காரர் பிள்ளையைப் பள்ளிக்கு வேறு வழியில் அழைத்துப் போகிறார். சவூதியில் இருக்கும் மகன் பதறிப்போய் அம்மாவுக்கு போன் செய்கிறார். சில நேரம் அந்தப் பழைய வீடியோவை வைத்தே நிவாரணத்துக்குப் பணமும் கேட்கப்படுகிறது.

மஹல்லா இளைஞர்கள் பலர் இன்று யூடியூப் சேனல் நடத்துகிறார்கள். படம் எடுப்பதிலும் எடிட்டிங்கிலும் எடுக்கும் சிரத்தையை, வீடியோவுக்குக் கீழே வரும் டிஸ்கிரிப்ஷன் என்னும் விளக்கக் குறிப்பில் பெரும்பாலோர் காட்டுவதில்லை. தலைப்பையே அங்கே மறுபடி ஒட்டிவிட்டு, ஹேஷ்டேக்குகளை அடுக்கிவிடுகிறார்கள். மேலே சொன்ன குழப்பத்தைத் தீர்க்கக்கூடிய இடமே அதுதான்.

ஒன்றை முதலில் கவனியுங்கள். யூடியூப் தானாகக் காட்டும் தேதி, வீடியோ பதிவேற்றப்பட்ட தேதி. அது எடுக்கப்பட்ட தேதி அல்ல. 2015இல் எடுத்ததை ஒருவர் 2023இல் ஏற்றினால் 2023 என்றுதான் காட்டும். ஆகவே எடுத்த நாளை நாம் எழுதினால்தான் உண்டு.

முதல் இரண்டு வரிகள்: சூழல்

விளக்கக் குறிப்பில் 5,000 எழுத்துகள் வரை இடம் இருக்கிறது. ஆனால் கணினியில் முதல் சில வரிகள்தான் உடனே தெரியும். போனில் தொட்டு விரித்தால்தான் முழுவதும் வரும். அதனால் எங்கே, எப்போது, என்ன என்ற மூன்றும் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். "இன்று காலை", "நேற்று" என்று எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கும் அது "இன்று" ஆகிவிடும். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். "நம்ம ஏரியா" என்பதும் அப்படித்தான். வெளியூர்க்காரருக்கு அது எந்த ஏரியாவாகவும் இருக்கலாம்.

அடுத்து: ஆதாரம்

மதரஸாவில் ஹதீஸ் படித்தவர்களுக்கு ஸனது என்றால் தெரியும். ஒரு செய்தி யார் வழியாக யாரிடம் வந்தது என்ற சங்கிலி அது. வீடியோவில் சொல்லும் ஒவ்வொரு தகவலுக்கும் அதே கேள்வி உண்டு. நீங்கள் கண்ணால் கண்டதா, ஒருவர் சொல்லிக் கேட்டதா, அரசு அல்லது நீதிமன்ற ஆவணத்தில் உள்ளதா? இந்த மூன்றையும் கலந்துவிடாமல் தனித்தனியாக எழுத வேண்டும்.

2023 டிசம்பரில் நம் பக்கத்தில் நடந்ததையே பாருங்கள். மிக்ஜாம் மழை வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. கரையில் நின்று படம் எடுத்தவர் கண்டது தண்ணீர்மேல் மிதந்த எண்ணெயையும், கறுத்துப்போன படகுகளையும் வலைகளையும்தான். அது எங்கிருந்து வந்தது என்பதை அவர் காணவில்லை. மணலியிலுள்ள சிபிசிஎல் ஆலை வளாகத்திலிருந்து அது வெளியேறியதாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதைத் தானாக முன்வந்து விசாரித்தது. எனவே "எண்ணெய் படர்ந்த காட்சி: நாங்கள் எடுத்தது" என்று ஒரு வரி. "எங்கிருந்து வந்தது என்ற தகவல்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்" என்று தேதியோடும் இணைப்போடும் இன்னொரு வரி. இப்படிப் பிரித்து எழுதினால், நாளை யாராவது மறுத்தாலும் எந்த வரிக்கு யார் பொறுப்பு என்பது தெளிவாக இருக்கும்.

"ஆதாரம்: இணையம்", "நன்றி: வாட்ஸ்அப்" என்பவை ஆதாரமே அல்ல. அவற்றைப் பிடித்துக்கொண்டு யாரும் மூலத்துக்குப் போய்ச் சேர முடியாது. வாசகர் தாமே சென்று சரிபார்க்க முடிகிறதா என்பதுதான் சோதனை. பயான் வீடியோவுக்கும் இதுவே விதி. "ஹதீஸில் வருகிறது" என்று விட்டுவிடாமல் நூலின் பெயர், எண், எந்தப் பதிப்பகத்தின் பதிப்பு என்ற மூன்றையும் தாருங்கள். ஸஹீஹ் முஸ்லிம் போன்ற நூல்களில் பதிப்புக்குப் பதிப்பு எண் மாறுவதால், எண்ணை மட்டும் வைத்துத் தேடுபவர் வேறொரு ஹதீஸில் போய் நிற்பார்.

கடைசி வரி: அழைப்பு

"உண்மையான முஸ்லிம் என்றால் ஷேர் செய்யவும்" என்று எழுதும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. பார்ப்பவரின் ஈமானைப் பணயம் வைத்து சப்ஸ்கிரைப் கேட்பது முறையல்ல. அப்படி வந்தவர் நிலைப்பதும் இல்லை. "நீங்கள் என் சேனலை சப்ஸ்கிரைப் செய்யுங்கள், நான் உங்களுடையதைச் செய்கிறேன்" என்ற பண்டமாற்றை யூடியூப் விதிகளே தடை செய்கின்றன. அடுத்து என்ன தரப்போகிறீர்கள் என்பதைச் சொல்லி, முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள். ஒரு வரி போதும், அதுவும் கடைசியில்.

மூன்றையும் சேர்த்தால் சுரங்கப்பாதை வீடியோவுக்கு இப்படி ஒரு குறிப்பு வரும். இது மாதிரிதான்; நேரத்தையும் மற்ற விவரங்களையும் உங்கள் வீடியோவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

> வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை, 4.12.2023 திங்கள், காலை 10 மணி. மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் தேங்கிய நிலை.
>
> காட்சி: எங்கள் குழு நேரில் எடுத்தது.
> பாதை மூடப்பட்ட தகவல்: சென்னை போக்குவரத்துக் காவல்துறை அறிவிப்பு, 4.12.2023. (இணைப்பு)
> தண்ணீரின் ஆழம்: அங்கிருந்த கடைக்காரர் சொன்னது, நாங்கள் அளக்கவில்லை.
>
> தண்ணீர் வடிந்ததும் இன்ஷா அல்லாஹ் இங்கேயே தெரிவிப்போம். தொடர்ந்து அறிய விரும்பினால் சேனலில் இணைந்துகொள்ளுங்கள்.

ஆழத்தைப் பற்றிய வரியைப் பாருங்கள். அளக்கவில்லை என்று சொல்வதால் வீடியோவின் மதிப்பு குறையாது. மற்ற வரிகளையும் நம்பலாம் என்ற எண்ணம்தான் பார்ப்பவருக்கு வரும்.

ஏற்றிய பிறகும் வேலை உண்டு

ஏற்றிய வீடியோவை எடுத்துவிட்டு, அதே இணைப்பில் வேறொன்றை வைக்க முடியாது. ஆனால் விளக்கக் குறிப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். பாதை திறந்ததும் "8.12.2023: போக்குவரத்து சீரானது" என்பதுபோல் நாளோடு ஒரு வரியை முதல் வரிக்கும் மேலே சேருங்கள். நிவாரண வீடியோவுக்கு இது கட்டாயம். வசூல் முடிந்த நாளை எழுதி, வங்கி விவரத்தை நீக்காவிட்டால், அடுத்த ஆண்டும் யாராவது பணம் அனுப்பிக்கொண்டிருப்பார். அந்த அமானிதத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

இந்தக் குறிப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஒருவர் வீடியோவைத் தரவிறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால், நீங்கள் எழுதியது எதுவும் கூடவே போகாது. ஆகவே முதல் சில விநாடிகளில் இடத்தையும் தேதியையும் வாயால் சொல்லுங்கள், திரையிலும் எழுத்தாகப் போடுங்கள். உங்களுக்கு அப்படியொரு வீடியோ வந்தால், அனுப்பியவரிடம் யூடியூப் இணைப்பைக் கேளுங்கள். விளக்கக் குறிப்பைத் திறந்து, எடுத்த நாளும் ஆதாரமும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள். இரண்டும் இல்லையென்றால் அது உங்களோடு நிற்கட்டும்.