‘பத்து நாளில் டெலிவரி’... எந்த நாளில் இருந்து? லோகோ கிஃப்ட் ஆர்டர் செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

டிசம்பர் 19-ம் தேதி கம்பெனி ஆண்டு விழா. ‘எல்லாருக்கும் லோகோ போட்ட ஸ்டீல் பாட்டில் கொடுத்துடலாம், நீங்களே பார்த்துக்கோங்க’ என்று மேனேஜர் உங்களிடம் சொல்லிவிட்டார். ஊழியர்கள் 230 பேர். சப்ளையருக்கு போன் போட்டால், ‘பத்து நாள்ல டெலிவரி சார்’ என்கிறார். அப்படியானால் டிசம்பர் முதல் வாரத்தில் ஆர்டர் கொடுத்தால் போதுமா? போதாது. ஏன் என்று பார்ப்போம்.

230-ஆ, 250-ஆ?

மொத்த ஆர்டரில் எண்ணிக்கை கூடக் கூட விலை படிப்படியாகக் குறையும். இதைத்தான் ‘ஸ்லாப்’ என்கிறார்கள். உதாரணத்துக்கு, 100 முதல் 249 வரை ஒரு பாட்டில் 340 ரூபாய், 250-ல் இருந்து 295 ரூபாய் என்று கொட்டேஷன் வருகிறது என வைத்துக்கொள்வோம்.

230 பாட்டிலுக்கு 78,200 ரூபாய். 250 பாட்டிலுக்கோ 73,750 ரூபாய்தான். அதாவது, 20 பாட்டில் கூடுதலாக வாங்கியும் 4,450 ரூபாய் மிச்சம். இந்த விலையில் 217 பேர் இருந்தாலே 250 வாங்குவதுதான் லாபம். மீதி பாட்டில்கள், அடிபட்டு வந்தவற்றுக்கு மாற்றாகவும் புதிதாகச் சேருபவர்களுக்கும் உதவும்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். ‘பாதி கறுப்பு, பாதி வெள்ளை’ என்று பிரித்தால், பல சப்ளையர்கள் ஒவ்வொரு நிறத்தையும் தனி ஆர்டராகக் கணக்கிடுவார்கள். அப்போது 125, 125 என்று ஆகி, விலை மறுபடியும் 340-க்கே போய்விடும். ஜிஎஸ்டி, பிரின்ட்டிங் செட்டப் கட்டணம், லாரி வாடகை எல்லாம் அந்த 295-க்குள் அடங்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் படம் சாம்பிள் ஆகாது

முதலில் வருவது கம்ப்யூட்டரில் பாட்டில் படத்தின் மேல் லோகோவை ஒட்டிய ‘மாக்கப்’. லோகோ எங்கே, எவ்வளவு பெரிதாக வரும் என்பது அதில் தெரியும். உண்மையான நிறமோ, பிரின்ட் எவ்வளவு உறுதியானது என்பதோ தெரியாது. அதனால் அச்சடித்த ஒரு பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

அதற்கு நீங்கள் கொடுக்க வேண்டியது வெக்டர் ஃபைல். வெப்சைட்டில் இருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் எழுத்தின் ஓரங்கள் பிசிறடிக்கும். நிறத்துக்கு பான்டோன் எண்ணைச் சொல்லுங்கள். ‘எங்க லோகோ நீலம்’ என்றால் ஒவ்வொரு போனிலும் அது ஒரு நீலம். லேசர் முறையில் பொறித்தால் லோகோவின் நிறமே வராது, ஸ்டீலின் நிறம்தான் தெரியும்.

சாம்பிள் வந்ததும் லோகோ மேல் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று உரித்துப் பாருங்கள். நகத்தால் சுரண்டுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள். மை டேப்போடு வந்தால் ஓகே சொல்லாதீர்கள்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

சப்ளையர் சொன்ன பத்து நாள், நீங்கள் போன் செய்த நாளில் இருந்து தொடங்குவதில்லை. சாம்பிளுக்கு ஒப்புதல் கொடுத்து, அட்வான்ஸும் போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்கும். அதுவும் பெரும்பாலும் வேலை நாள் கணக்கு.

விழா டிசம்பர் 19 என்றால், பிரித்துப் பார்க்கவும் மாற்றவும் நேரம் வைத்து, 15-ம் தேதி சரக்கு ஆபீஸில் இருக்க வேண்டும். லாரிக்கு மூன்று, நான்கு நாள் என்றால் 11-ம் தேதி கிளம்ப வேண்டும். அதற்கு முன் பத்து வேலை நாள் தயாரிப்பு. அப்படியானால் ஒப்புதல் நவம்பர் 29-க்குள் போயாக வேண்டும். சாம்பிள் செய்து அனுப்ப ஐந்து நாள். முதல் சாம்பிள் சரியில்லை என்றால் இன்னொரு ஐந்து நாள். ஆக, லோகோ ஃபைல் நவம்பர் 19-ம் தேதியே சப்ளையர் கையில் இருக்க வேண்டும். இது மழைக்காலம் என்பதால் இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்தாலும் நல்லதுதான்.

பெரும்பாலும் நாட்கள் வீணாவது சப்ளையரிடம் அல்ல, நம் ஆபீஸில்தான். ‘மார்க்கெட்டிங் ஹெட் பார்க்கணும், அவர் லீவுல இருக்கார்’ என்று சாம்பிள் மேஜையில் நான்கு நாள் கிடந்தால், டெலிவரியும் நான்கு நாள் தள்ளிப்போகும். ஓகே சொல்லப்போவது யார் என்பதை ஆர்டருக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

ஒப்புதலை மெயிலில் கொடுங்கள். லோகோவின் அளவு மில்லிமீட்டரில், இடம், நிற எண், பாட்டில் நிறம், எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கட்டும். பர்ச்சேஸ் ஆர்டரில் ‘டிஸ்பாட்ச் தேதி’ என்று போடாமல், ‘எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டிய தேதி’ என்று போடுங்கள்.

ஓகே செய்த சாம்பிளைத் திருப்பிக் கொடுக்காமல் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வந்த அன்றே ஒவ்வொரு பெட்டியிலும் நான்கைந்து பாட்டிலை எடுத்து அதனுடன் ஒப்பிட்டால், தப்பான பாட்டில் 15-ம் தேதியே தெரிந்துவிடும், விழா மேடையில் அல்ல.