கறிக்கோழிக்கு ஊசி போடுகிறார்களா?

விடுதியில் கோழிக்குழம்பு வைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பந்தியில் தவறாமல் ஒரு பேச்சு எழும். "இது ஹார்மோன் ஊசி போட்டு வளர்த்த கோழிடீ! தின்றால் சீக்கிரமே பெரியவளாகி விடுவோம்" என்பாள் ஒருத்தி. இன்னொருத்தி தட்டைத் தள்ளி வைத்துவிடுவாள். நம் பாட்டிமார்களும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறோம். நாட்டுக்கோழி மாதக்கணக்கில் மேய்ந்து பெறும் எடையைப் பிராய்லர் கோழி ஆறே வாரத்தில் பெற்றுவிடுவதைப் பார்த்தால் ஐயம் எழுவது இயற்கைதானே!

இந்த ஐயத்தைத் தீர்க்கும் சோதனை ஒன்று கானடா நாட்டின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. 1957-ஆம் ஆண்டின் கோழி இனத்தையும் 1978-ஆம் ஆண்டின் இனத்தையும் அங்கே மாற்றமின்றிப் பாதுகாத்து வந்தனர். அவற்றோடு 2005-ஆம் ஆண்டின் பிராய்லர் குஞ்சுகளையும் சேர்த்து, மூன்றுக்கும் ஒரே தீவனத்தை அளித்து வளர்த்தனர். 56-ஆம் நாளில் நிறுத்துப் பார்த்தபோது 1957-இன் கோழி 905 கிராம், 1978-இன் கோழி 1,808 கிராம், 2005-இன் கோழி 4,202 கிராம் இருந்தன. முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. தீவனம் ஒன்றே என்பதால் வேறுபாடு பிறப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் விரைந்து வளர்ந்த கோழிகளையே தாய் தந்தையாகப் பொறுக்கி எடுத்ததன் பயன் இது.

வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால், பருப்பைப் போல அதுவும் குடலில் செரித்துப் போகும். ஆகவே ஊசியாகத்தான் போட வேண்டும். அதுவும் திரும்பத் திரும்ப. ஐயாயிரம் கோழிகள் உள்ள கொட்டகையில் நாள்தோறும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகும்? குஞ்சுகளுக்கு ஊசியும் கண்ணில் சொட்டு மருந்தும் போடுவது உண்மைதான். ஆனால் அவை கழிச்சல் முதலிய நோய்களுக்கான தடுப்பு மருந்துகள்.

வதந்திக்கு வேரே இல்லை என்று சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் முன்பு சேவல்களின் கழுத்துத் தோலடியில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கைப் பெண்மை ஹார்மோனை வில்லையாகப் பதித்து வந்தனர். அது செரித்து அழியும் புரதமன்று, இறைச்சியில் தங்கிவிடும். 1959-இல் கோழிகளில் அந்த முறை நிறுத்தப்பட்டது. பழக்கம் போயிற்று, பேச்சு மட்டும் நிற்கிறது.

உண்மையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஆன்டிபயாட்டிக் மருந்துகளைப் பற்றியது. இவற்றை நோய்க்குக் கொடுப்பதோடு, வளர்ச்சிக்காகத் தீவனத்தில் சிறிதளவு கலக்கும் பழக்கமும் பரவியது. கொடுத்த மருந்து தசையிலும் ஈரலிலும் சில நாள் தங்கும். அதையே எச்சம் என்கிறோம். என்ரோஃப்ளாக்சசின் என்னும் மருந்துக்கு ஐரோப்பிய நாடுகள் வைத்த எல்லை, கோழித் தசையில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம். அதாவது பத்தாயிரம் கிலோ கறியில் ஒரே கிராம். கணக்குக்காக ஒரு கோழியில் இன்று 1,600 மைக்ரோகிராம் இருந்து, நாளுக்குப் பாதியாகக் குறைவதாகக் கொள்வோம். 800, 400, 200 என இறங்கி நான்காம் நாளில் 100-ஐ அடையும். இதற்காகவே, கடைசி மருந்துக்குப் பின் இத்தனை நாள் கழித்தே விற்க வேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் காத்திருப்புக் காலம் விதித்திருக்கிறார்கள். நல்ல விலை வந்து, வியாபாரியின் லாரி இரண்டு நாள் முன்னதாகவே வாசலில் நின்றால்? அங்கேதான் தவறு நேர்கிறது. 2014-இல் தில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 70 கோழி மாதிரிகளைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பதில் எச்சம் இருந்தது.

எச்சத்தை நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ அறிய இயலாது. ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்த்த தட்டின்மேல் ஒரு துண்டுக் கறியை வைப்பார்கள். மருந்து இருந்தால் துண்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வளையம் தோன்றும்.

எச்சத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்றுண்டு. மருந்துக்குப் பழகி, அதற்குச் சாகாத கிருமிகள் பண்ணையிலேயே தோன்றுகின்றன. மனிதருக்குக் கடைசிக் கைம்மருந்தாக வைத்திருந்த கோலிஸ்டினை 2019-இல் இந்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்குத் தடை செய்தது இதனால்தான். நன்றாகக் கொதித்த குழம்பில் கிருமி பிழைக்காது. ஆனால் கோழியை நறுக்கிய அரிவாள்மனையைக் கழுவாமல் அதிலேயே வெள்ளரிக்காயை அரிந்தால், கிருமி நேராக நம் தட்டுக்கு வந்துவிடும். எச்சமோ, எல்லாமே கொதியில் அழிந்துவிடுவதில்லை.

இவற்றையெல்லாம் தட்டைத் தள்ளி வைத்த தோழியிடம் சொன்னோம். அவள் தட்டை மெல்ல முன்னால் இழுத்துக்கொண்டு, "சரி, இந்தக் கோழிக்குக் காத்திருப்பு நாள் முடிந்ததா என்று யார் பார்த்தார்கள்?" என்றாள். மறு ஞாயிறு கடைக்காரரிடமே கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை.