ஊழியர் பிழையும் உடையவர் பொறுப்பும்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் லாரிகளும் கம்பெனிக் கார்களும் இரவு பகலாய் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றை ஓட்டுகிறவர் வேறு, உடையவர் வேறு. ஓட்டுநரின் கவனக்குறைவால் வழிப்போக்கர் ஒருவர் உயிரிழந்தால், அவருடைய மனைவி மக்களுக்கு ஈடு கொடுக்க வேண்டியவர் யார்? வண்டியில் கால் வைக்காத முதலாளியா, கூலிக்கு உழைக்கும் ஓட்டுநரா?

ஓட்டுநர் தம் பிழைக்குத் தாமே பொறுப்பாளி என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஊழியர் முதலாளியின் வேலையைச் செய்யுங்கால் இழைத்த தவற்றுக்கு முதலாளியும் சேர்ந்து பொறுப்பாவார் என்பது சட்டம். வண்டி ஓடுவதால் வரும் இலாபம் முதலாளிக்கு. ஓட்டுநரைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. ஆகவே, அந்த ஓட்டத்தால் பிறர்க்கு விளையும் தீங்கையும் அவர் ஏற்பதே முறை எனக் கருதப்பட்டது. ஓட்டுநரின் சம்பளத்தைக் கொண்டு ஓர் ஏழைக் குடும்பத்தின் இழப்பை ஈடு செய்தல் அரிதென்பதும் வெளிப்படை.

அங்ஙனமாயின், முதலாளியின் வேலை எது என்பதே வழக்கின் உயிர்நாடி. ஒரு கற்பனை நிகழ்ச்சியைக் கொண்டு இதனை விளக்குவோம். சேலத்து நூற்பாலை ஒன்றின் ஓட்டுநர், பழுது பார்த்த இயந்திரப் பாகத்தை வாங்கி வர நாமக்கல்லுக்கு அனுப்பப்படுகிறார். திரும்பும் வழியில், புதுச்சத்திரத்தருகே சைக்கிளில் சென்றவர் மீது மோதிவிடுகிறார். இங்கே ஆலை பொறுப்பாகும். ‘வேகமாக ஓட்டாதே என்று எழுதிக் கொடுத்திருந்தோம்’ என ஆலையார் வாதித்தாலோ? அவ்வாதம் செல்லாது. வேலையை எவ்வாறு செய்யலாகாது என்று தடுப்பதால், அது முதலாளியின் வேலை அல்லாமற் போய்விடாது. 1862-ஆம் ஆண்டில் லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனியின் குதிரை வண்டி ஓட்டுநர், கம்பெனியின் எழுத்து மூலமான தடையை மீறிப் போட்டி வண்டியை மறித்துக் கவிழ்த்தார். அந்த வழக்கிலும் கம்பெனியே பொறுப்பாக்கப்பட்டது.

அதே ஓட்டுநர் உணவுக்காக இராசிபுரத்துக்குள் சிறிது தூரம் திரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். அது வேலையோடு ஒட்டிய சிறு விலகலே. ஆனால், பாகத்தை வாங்கிய பின் நண்பர்களை ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்கு உல்லாசப் பயணம் போயிருந்தால், அது முற்றிலும் அவருடைய சொந்தக் காரியம். அப்போது வேலை நேரம் முடியாமல் இருக்கலாம். எனினும், முதலாளியின் பொறுப்பை நிலைநாட்டுவது கடினம். மறுபுறம், வேலை நேரம் முடிந்த பிறகும் வண்டியைக் கொட்டகையில் விடத் திரும்புகிறவர் முதலாளியின் வேலையிலேயே இருக்கிறார். ஆகவே உரைகல் கடிகாரம் அன்று, காரியமே.

இந்தக் காரியம் எது என்பதில் நீதிமன்றங்களே வேறுபட்டதுண்டு. 1960 டிசம்பரில், ரஞ்சித் ஜின்னிங் அண்ட் பிரஸ்ஸிங் கம்பெனியின் மேலாளர் கம்பெனிக் காரில் நாகபுரியிலிருந்து பாண்டுர்ணாவுக்குக் கம்பெனி வேலையாகச் சென்றார். உடன் ஒருவரை ஏற்றிக்கொண்டார். கார் சாலையின் தவறான பக்கத்துக்குச் சென்று மரத்தில் மோதியது. ஏறி வந்தவர் மாண்டார். அவர் மனைவி மக்களுக்கு 31,000 ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகையை விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் விதித்தது. உயர்நீதிமன்றமோ, பிறரை ஏற்றுவது மேலாளரின் வேலையன்று எனக் கூறிக் கம்பெனியை விடுவித்தது. உச்சநீதிமன்றம் 1977-இல் அதனை மாற்றியது. கார் கம்பெனியின் வேலையாகவே ஓடிற்று. ஒருவரை உடன் ஏற்றியதால் அந்த ஓட்டம் மேலாளரின் சொந்த ஓட்டமாகிவிடாது என்பது அதன் முடிவு. காப்பீட்டுக் கம்பெனியின் பங்கு 15,000 ரூபாய் அளவிலேயே நின்றது. எஞ்சியது உடையவர் தலையில் விழுந்தது. அக்குடும்பம் இத்தீர்ப்புக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

இத்தகைய வழக்குகளில் வாய்ச்சொல்லைவிடத் தாள்களே பேசும். யார் அனுப்பினார், எங்கே, எதற்கு என்பதைப் பயணக் குறிப்பேடு, சரக்குச் சீட்டு, சுங்கச்சாவடி இரசீது ஆகியவை காட்டும். விபத்தின் இடத்தையும் நேரத்தையும் காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை காட்டும். இவ்விரண்டையும் ஒரு வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், வண்டி வேலையின் வழியில் நின்றதா, விலகியதா என்பது தெரிந்துவிடும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, விபத்து நிகழ்ந்த ஊரில் மட்டுமன்றி, இழப்புற்றவர் வாழும் ஊரின் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். நாமக்கல் சாலையில் அடிபட்டவர் சேலத்தவராயின், அவர் குடும்பம் சேலத்திலேயே ஓட்டுநர், உடையவர், காப்பீட்டுக் கம்பெனி ஆகிய மூவரையும் ஒரே மனுவில் எதிர்தரப்பினராகச் சேர்க்கலாம். உடையவரை விட்டுவிட்டு ஓட்டுநரை மட்டும் சேர்த்தால், கையில் கிடைப்பது வெறுந்தீர்ப்பாக முடியக்கூடும்.