ஏல விளம்பரத்துக்கு முந்தைய நாள்

ஜனவரி 5-ஆம் தேதி கட்ட வேண்டிய 22,500 ரூபாய் வீட்டுக்கடன் தவணை நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி, மார்ச்சிலும் கட்ட முடியவில்லை. அதுவரை போன் வரும், குறுஞ்செய்தி வரும், கிளையிலிருந்து ஆள் வருவார். ஏப்ரல் முதல் வாரத்தில் 90 நாள் தாண்டியதும் கணக்கு 'என்.பி.ஏ.', அதாவது வாராக்கடன் ஆகிவிடும்.

பலர் தவறுவது இங்கேதான். மே மாதம் எப்படியோ புரட்டி ஒரு தவணையைக் கட்டிவிட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். பாக்கித் தவணைகள் முழுவதும் தீராமல் கணக்கு அந்த நிலையிலிருந்து வெளியே வராது.

அடுத்து பதிவுத் தபால் வரும். விட்டுப்போன நான்கைந்து தவணைகளை அது கேட்காது. மொத்தக் கடன் 23 லட்சத்தையும் 60 நாளில் கட்டச் சொல்லும். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம், கோர்ட்டுக்குப் போகாமலே இதைச் செய்ய வங்கிக்கு அதிகாரம் தருகிறது. தபாலை வாங்க மறுப்பதால் எதுவும் நிற்காது, வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். வாங்கிப் படித்து, கணக்கில் தவறு இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 15 நாளுக்குள் வங்கி காரணத்துடன் பதில் சொல்லியாக வேண்டும்.

60 நாள் முடிந்தால் கதவில் இன்னொரு தாள் ஒட்டப்படும். 'இந்தச் சொத்து வங்கியின் சுவாதீனத்தில் உள்ளது' என்று அதில் இருக்கும். கடன் வாங்கியவர் பெயரும் தொகையும் இரண்டு நாளிதழ்களில் வரும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில். அக்கம்பக்கம் படிக்கும் அந்த நாள்தான் குடும்பத்தை உலுக்கிவிடுகிறது. ஆனால் அது பெரும்பாலும் காகிதச் சுவாதீனம்தான். சாவி இன்னும் உங்களிடமே இருக்கும். ஆளை வெளியேற்றிப் பூட்ட, மாவட்ட ஆட்சியர் அல்லது மாஜிஸ்திரேட்டின் உத்தரவை வங்கி வாங்குவது வழக்கம். சுவாதீன நடவடிக்கையிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, மதுரை, கோவையில் இருக்கிறது. வழக்குப் போட்டால் மட்டும் ஏலம் நிற்காது, தடையுத்தரவு வாங்க வேண்டும்.

பிறகு மதிப்பீட்டாளர் வருவார், குறைந்தபட்ச விலை குறிக்கப்படும், முதல் ஏலத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு வரும். ஏலத்தன்று காலை பணத்தோடு போனால் வீடு மீளும் என்றே பலரும் நம்புகிறார்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு அப்படியில்லை. முழுக் கடனையும் செலவையும் கட்டி மீட்கும் உரிமை ஏல விளம்பரம் வெளியாவதற்கு முன்பு வரைதான். 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. நகையை விற்றோ உறவினரிடம் கேட்டோ பணம் திரட்டுவதாக இருந்தால், தயவுசெய்து அந்தத் தேதியை மனதில் வைத்துத் திரட்டுங்கள்.

ஏலம் எடுத்தவர் மறு வேலைநாளுக்குள் கால் பங்கைக் கட்டுவார், மீதியைப் பொதுவாக 15 நாளில். வட்டி, செலவு சேர்ந்து கடன் 26 லட்சமாகி, வீடு 30 லட்சத்துக்குப் போனால், வேறு பாத்தியதை இல்லாத பட்சத்தில் 4 லட்சம் உங்களுடையது; எழுதிக் கேட்டு வாங்குங்கள். 20 லட்சத்துக்கே போனால் மீதி 6 லட்சத்துக்கு வங்கி சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், ஜாமீன் கையெழுத்துப் போட்ட மைத்துனரையும் சேர்த்து.